எத்தனை தடவை, எத்தனை சுற்று?
வலிமைப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கும் பதின்ம வயதினருக்கான கேள்வி - பதில்

ஐந்தாறு பயிற்சிகளை வரிசையாக அமைத்துக்கொண்டு, ஒன்றை முடித்ததும் அடுத்ததற்கு நகர்ந்து, கடைசி வரை போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைத்தான் சர்க்யூட் என்கிறோம். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்.ஈ. மார்கன், ஜி.டி. ஆடம்சன் என்ற இருவர் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். அவர்கள் மனதில் இருந்தவர்கள் கல்லூரி வயது இளைஞர்கள். இன்று எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மொட்டை மாடியில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வீடியோவில் வருபவர் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே செய்கிறார்கள். அவர் இருபது என்றால் இருபது, நான்கு சுற்று என்றால் நான்கு சுற்று.

அந்த எண் வீடியோவில் இருப்பவரின் உடம்புக்கானது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேறொரு அளவுகோல் இருக்கிறது. மூச்சு வாங்குவதும் வியர்வை கொட்டுவதும் அதற்குக் கணக்கில்லை. உடம்பின் நிலை எந்தத் தடவையில் கலையத் தொடங்குகிறது என்பதுதான் கணக்கு. பெற்றோரும் மாணவர்களும் பி.டி. ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இந்தக் கோணத்திலிருந்து பார்க்கலாம்.

ரெப், செட் என்கிறார்கள். சர்க்யூட்டில் செட் என்பது எது?

ஒரு அசைவை முழுமையாக ஒருமுறை செய்வது ஒரு ரெப். ஸ்குவாட்டில் உட்கார்ந்து எழுந்தால் ஒன்று. இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட். வழக்கமான ஜிம் பயிற்சியில் ஸ்குவாட்டை ஒரு செட் செய்து, ஓய்வெடுத்து, மறுபடி ஸ்குவாட்டையே செய்வார்கள். சர்க்யூட்டில் ஸ்குவாட் முடிந்ததும் புஷ்-அப், அதன்பின் அடுத்தது என்று போய்க்கொண்டே இருப்போம். ஆகவே ஒரு சுற்று முடிந்தால் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட் முடிந்ததாக அர்த்தம். இரண்டு செட் என்று எழுதியிருந்தால் இரண்டு சுற்று.

இதில் ஒரு வசதி உண்டு. ஸ்குவாட்டுக்கு உழைத்த தொடைத் தசை, நீங்கள் புஷ்-அப் செய்யும் நேரத்தில் ஓய்வெடுக்கிறது. ஒரு சிக்கலும் உண்டு. தசைக்குக் கிடைக்கும் ஓய்வு மூச்சுக்குக் கிடைப்பதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்ததற்குப் போகும் பிள்ளை, தசையில் தெம்பு இருந்தும் கவனம் சிதறித் தப்பாகச் செய்யத் தொடங்குகிறது.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. முதல் மாதம் எத்தனை ரெப், எத்தனை சுற்று செய்யலாம்?

ஒவ்வொன்றிலும் 8 ரெப், ஒரே ஒரு சுற்று. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. இரண்டு வாரம் இப்படிப் போகட்டும். பிறகு 10, 12 என்று ஏறலாம், இரண்டாம் சுற்றையும் சேர்க்கலாம்.

இது குறைவு என்று தோன்றும். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தொடங்குபவர்களுக்குக் குறைந்த எடையில் 8 முதல் 12 ரெப், ஒன்று அல்லது இரண்டு செட் என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவின் தேசிய வலிமைப் பயிற்சிச் சங்கம் 2009இல் சற்று அகலமான எல்லை கொடுத்தது: 6 முதல் 15 ரெப், ஒன்று முதல் மூன்று செட். இரண்டிலும் பொதுவாக இருப்பது, லேசான எடையும் சரியான முறையும்.

முதல் சில வாரங்களில் பிள்ளைக்கு வலு கூடுவது பெரும்பாலும் தசை பருப்பதால் அல்ல. எந்தத் தசையை எப்போது இழுக்க வேண்டும், எதைத் தளர விட வேண்டும் என்று நரம்பு மண்டலம் பழகிக்கொள்வதால்தான். எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அது பழகிவிடும். எட்டுச் சரியான ஸ்குவாட்டுக்குப் பின் பன்னிரண்டு தப்பான ஸ்குவாட் செய்தால், அதிகம் பழகியது தப்பான ஸ்குவாட்தான்.

கை, கால், முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டிய கடினமான அசைவுகளுக்கு எட்டுகூட அதிகம். பார்பெல்லைத் தரையிலிருந்து தலைக்கு மேல் தூக்கும் வகைப் பயிற்சிகளைக் கற்கும்போது, ஒரு செட்டில் மூன்று ரெப்பைத் தாண்டாமல், ஒவ்வொரு ரெப்புக்கும் பயிற்சியாளர் திருத்தம் சொல்ல வேண்டும். அத்தகைய பயிற்சிகளைத் தொடக்கச் சர்க்யூட்டில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

எல்லோருக்கும் 8 பொருந்துமா? எனக்கான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். வயது 14, பள்ளிக் கபடி அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய சர்க்யூட்டில் ஆறு பயிற்சிகள்: நாற்காலி வரை இறங்கி எழும் ஸ்குவாட், மேசை விளிம்பில் கைவைத்துச் செய்யும் புஷ்-அப், மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குவது, புத்தகப்பையை ஒரு கையால் இடுப்புவரை இழுப்பது, படிக்கட்டின் ஒரு படியில் ஏறி இறங்குவது, கடைசியாகப் பிளாங்க்.

முதல் நாள் சுற்று எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பயிற்சியையும் நிதானமாக, நல்ல ஓய்வு விட்டுச் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். இறங்க இரண்டு விநாடி, ஏற ஒரு விநாடி. பக்கத்தில் ஒருவர் நின்று, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் இடுப்பையும் முழங்காலையும் பார்க்க வேண்டும். மேசைப் புஷ்-அப்பில் பத்து வரை தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக இருக்கிறது. பதினொன்றில் வேகம் குறைகிறது, ஆனால் கோடு கலையவில்லை. பன்னிரண்டில் இடுப்பு தொய்ந்து கீழே போகிறது. அங்கே நிறுத்திவிட வேண்டும்.

அவளால் ஒழுங்காகச் செய்ய முடிந்தது 11. அதில் மூன்றைக் கழித்தால் 8. இதுதான் அவளுடைய எண். இரண்டு அல்லது மூன்றைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு நிறுத்துவது, சுற்றின் நடுவே மூச்சு வாங்கும்போதும் நிலை கலையாமல் இருப்பதற்காக. ஸ்குவாட்டில் அவளுக்கு 18 வரை வந்தது. அதற்காக 15 கொடுக்கத் தேவையில்லை. முதலில் 10 போதும். படி ஏறுவதில் இடது கால் 9இல் ஆடத் தொடங்கியது, வலது கால் 13 வரை தாங்கியது. இரண்டுக்கும் ஆறு ஆறு என்று பலவீனமான காலின் கணக்கையே வைக்க வேண்டும்.

பிளாங்குக்கு ரெப் கிடையாது. முதுகு குழியாமல் எத்தனை விநாடி நிற்க முடிகிறதோ அதில் பாதி. 30 விநாடி நின்றால் சர்க்யூட்டில் 15.

ஆக, ஒரே பிள்ளைக்கே ஆறு பயிற்சிக்கு வேறு வேறு எண்கள் வருகின்றன. முப்பது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரே எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதில் உள்ள சிக்கல் இதுதான். வயதும் இங்கே பெரிய அளவுகோல் அல்ல. இதுவரை பயிற்சியே செய்யாத பதினேழு வயதுப் பையனும் தொடக்கக்காரன்தான். ஒரு வருடமாக ஒழுங்காகப் பழகிய பதிமூன்று வயதுப் பெண் அவனைவிடக் கூடுதலாகச் செய்யலாம்.

விசில் அடித்து 40 விநாடி, 20 விநாடி ஓய்வு என்று நடத்துகிறோம். அது தவறா?

பழகியவர்களுக்குத் தவறில்லை. தொடங்குபவர்களுக்கு வேண்டாம். 40 விநாடி கொடுத்தால் நிதானமான பிள்ளை 12 ஸ்குவாட் செய்யும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் போட்டி போடும் பிள்ளை 30 செய்யும், அதில் பாதி அரைகுறையாக இருக்கும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும்போது வேகத்துக்குத்தான் மரியாதை, முறைக்கு அல்ல. நிலை கலைந்தாலும் விசில் வரும்வரை நிறுத்த முடியாது.

வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு விசில் இல்லாமல் ஒழுங்குபடுத்துவது கடினம் என்பதும் உண்மை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் 60 விநாடி கொடுங்கள். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் எண்ணை மட்டும் முடித்துவிட்டு, மீதி நேரம் நின்று மூச்சு வாங்கட்டும். இரண்டு பேராகச் சேர்த்து விட்டால், ஒருவர் செய்யும்போது மற்றவர் எண்ணுவார். தப்பான ரெப்பை எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பிள்ளைகளே கண்டிப்பான நடுவர்கள் ஆகிவிடுவார்கள்.

எதற்குப் பின் எது? நடுவில் எவ்வளவு ஓய்வு?

ஒரே தசை அடுத்தடுத்து வரக் கூடாது. கால், கை தள்ளுவது, இடுப்பு, கை இழுப்பது, மறுபடி கால், கடைசியில் வயிறு என்பது நல்ல வரிசை. நாம் பார்த்த மாணவியின் ஆறு பயிற்சிகளும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. புஷ்-அப் முடிந்த கையோடு பிளாங்க் வைத்தால், தோள் ஏற்கெனவே களைத்திருக்கும். பிளாங்கில் முதுகு குழியும். வயிறு பலவீனம் என்று நினைத்துக்கொள்வோம், உண்மையில் வரிசைதான் தப்பு.

ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 45 விநாடியிலிருந்து ஒரு நிமிடம், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் இரண்டு நிமிடம். இப்படிச் செய்தால் ஒரு சுற்றுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். இரண்டு சுற்று ஏறக்குறைய கால் மணி நேரம். முன்னால் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க மெல்லோட்டம், கை கால் சுழற்றல் எல்லாம் சேர்த்தால் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

ஓய்வு போதுமா என்பதை இரண்டாம் சுற்று காட்டிக்கொடுக்கும். அந்த மாணவிக்கு முதல் சுற்றில் 8 புஷ்-அப் சுத்தமாக வந்தது. இரண்டாம் சுற்றில் 6ஆவதிலேயே இடுப்பு தொய்ந்தது. முதலில் ஓய்வை ஒன்றரை நிமிடமாக்கிப் பார்க்க வேண்டும். அப்போது 8 வந்தால், குறை மூச்சில் இருந்தது. அப்போதும் வராவிட்டால் குறை தசையில் இருக்கிறது. இரண்டாம் சுற்றில் 5 ரெப்போடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த நிலையிலும் மூன்றாம் சுற்றுக்கு இது நேரமல்ல.

எப்போது கூட்டுவது? எதைக் கூட்டுவது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்ட வேண்டும். முதலில் ரெப், பிறகு சுற்று, கடைசியில்தான் கடினம் அல்லது எடை.

அந்த மாணவியின் புஷ்-அப் இப்படிப் போகலாம். முதல் இரண்டு வாரம் ஒரு சுற்று, 8. மூன்று, நான்காம் வாரத்தில் அதே ஒரு சுற்றில் 10, முடிந்தால் 12. ஐந்தாம் வாரம் இரண்டாம் சுற்றைச் சேர்க்கும்போது மறுபடி 8க்கு இறங்க வேண்டும். ஆறு, ஏழாம் வாரங்களில் இரண்டு சுற்றிலும் 10, 12 என்று ஏறலாம். அடுத்தடுத்து இரண்டு பயிற்சி நாட்களில் இரண்டு சுற்றிலும் 12 சுத்தமாக வந்துவிட்டால், மேசையை விட்டுத் தாழ்வான பெஞ்சுக்கு மாறலாம். கை தாழத் தாழ உடம்பின் கனம் கைக்குக் கூடுதலாக வரும். மாறிய அன்று எண் மறுபடி 6 அல்லது 8. ரெப் குறைவது பின்னடைவு அல்ல என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெஞ்சிலும் 12ஐ எட்டிவிட வேண்டும் என்று முக்கி முக்கிச் செய்யும்.

டம்பெல்லில் இன்னொரு சங்கடம். எடையை 5 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம் என்பது பொது விதி. ஆனால் இரண்டு கிலோ டம்பெல்லுக்கு அடுத்து கடையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று கிலோ. பார்க்க ஒரு கிலோதான், கணக்கில் 50 சதவீதம். பெரியவர்கள் 20 கிலோவிலிருந்து 22க்குப் போவதும் சிறுவன் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதும் ஒன்றல்ல. அதனால் எடை சிறியதாக இருக்கும்போது அதே எடையில் 15 ரெப் வரை போய், அது சுலபமாக வந்த பிறகு அடுத்த டம்பெல்லை எடுத்து 6 அல்லது 8இல் தொடங்குவது பாதுகாப்பு. புத்தகப்பை இங்கே டம்பெல்லைவிட வசதியானது. ஒவ்வொரு நோட்டாகச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்கிறார்களே?

மேற்பார்வையோடு முறையாகச் செய்யும் வலிமைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாக ஆதாரம் இல்லை. இந்த வயதில் எலும்பின் நுனிகளில் இருக்கும் வளர்தகடு மென்மையானது, அடிபட்டால் பாதிக்கப்படும் என்பது உண்மை. ஆனால் அத்தகைய காயங்கள் பெரும்பாலும் வருவது, யாரும் பார்க்காத நேரத்தில் தாங்க முடியாத எடையைத் தூக்கிப் பார்க்கும்போதும், எடை கைநழுவி விழும்போதும்தான். ஒரே ஒரு தடவை எவ்வளவு தூக்க முடிகிறது என்று நண்பர்கள் பந்தயம் கட்டுவதைத்தான் தடுக்க வேண்டும். எட்டுத் தடவை நிதானமாகத் தூக்க முடியாத எடை தொடக்கக்காரருக்கான எடையே அல்ல.

உயரத்துக்கும் எண்ணிக்கைக்கும் வேறொரு தொடர்பு உண்டு. பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக வளர்கிறார்கள். ஓராண்டில் எட்டு, ஒன்பது செ.மீ. கூடுவது உண்டு. கையும் காலும் திடீரென நீண்டுவிடுவதால் நேற்றுவரை சுத்தமாக வந்த ஸ்குவாட் தடுமாறும், முழங்கால் உள்ளே சாயும். சோம்பேறித்தனம் என்று திட்டக் கூடாது. அந்த மாதங்களில் எடையைக் கூட்டாமல், ரெப்பை 6, 8க்குக் குறைத்துப் புதிய உடம்புக்கு அசைவைத் திரும்பப் பழக்க வேண்டும்.

வலி வந்தால்தான் பயிற்சி பலிக்கும் என்று அண்ணன் சொல்கிறான். எந்த வலி சரி?

மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசையின் நடுப்பகுதியில், இரு பக்கமும் ஒரே மாதிரி, தொட்டால் கனமாக இருக்கும் வலி புதிதாகத் தொடங்கும் எவருக்கும் வரும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். மாடிப்படி இறங்க முடியாத அளவுக்கு வந்தால் எண்ணிக்கை கூடிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை ஒரு சுற்றைக் குறைக்க வேண்டும்.

மூட்டில் வரும் வலி வேறு. குறிப்பாக முழங்கால் சிப்பிக்குச் சற்றுக் கீழே, எலும்பு மேடிட்ட இடத்தில் விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலித்தால், வளரும் வயதில் அந்த இடத்தைத் தசைநார் அதிகமாக இழுக்கிறது. ஓடுகிற, குதிக்கிற பிள்ளைகளுக்கு இது சகஜம். ஸ்குவாட், படி ஏறுவது இரண்டையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வலிப்பது, வீங்குவது, செய்யும்போதே குத்துவது எல்லாமே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள்.

இன்னொன்றைப் பள்ளிகள் கவனிக்க வேண்டும். பழக்கமில்லாத பிள்ளையை நூறு, இருநூறு தோப்புக்கரணம் போடச் சொல்வது தண்டனையாக இருந்தாலும் பயிற்சியாக இருந்தாலும் ஆபத்து. எடையே இல்லாவிட்டாலும், அளவுமீறிய எண்ணிக்கையால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். தொடை கடுமையாக வீங்கி வலிப்பதும், ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போவதும் அடையாளம். அப்போது வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதயக் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு உள்ள பிள்ளைகள், பயிற்சியில் நெஞ்சு வலித்தோ மயங்கியோ விழுந்தவர்கள், மருத்துவர் சொன்ன பிறகே முதல் ரெப்பைத் தொடங்க வேண்டும்.

பொதுத்தேர்வுக்காக இரண்டு மாதம் நிறுத்திவிட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமா?

கூடாது. இரண்டு மாத இடைவெளியில் சேர்த்த வலுவில் பெரும்பகுதி கரைந்துவிடும். இரண்டு சுற்றில் 12 செய்துகொண்டிருந்தவர், ஒரு சுற்றில் 8 என்று திரும்ப வர வேண்டும். எடை பயன்படுத்தியிருந்தால் ஒரு படி குறைந்த எடை. ஆனால் முதல் முறை எடுத்த அத்தனை வாரம் இப்போது தேவைப்படாது. அசைவு ஏற்கெனவே பழகிவிட்டதால் ரெப் சீக்கிரம் ஏறும். ஒவ்வொரு பயிற்சி நாளும் இரண்டு ரெப் கூட்டிப் பார்க்கலாம். கையிருப்பு இரண்டு ரெப் இருக்கிறதா என்பதே இங்கும் சோதனை.

தேர்வு இன்னும் வரவில்லை என்றால் முழுவதும் நிறுத்தாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு சுற்று, வழக்கமான எண்ணிக்கை. முன்னேற்றம் இருக்காது, ஆனால் சேர்த்ததில் பெரும்பகுதி கையில் நிற்கும். கால் மணி நேரம்தான் செலவு. தேர்வு முடிந்த மறுவாரம் எட்டிலிருந்து தொடங்க வேண்டிய அவசியமும் இருக்காது.